4 பேருக்கான சாம்பாரை 25 பேருக்குப் பெருக்குவது எப்படி: அளவு அட்டவணையுடன் முழுமையான வழிகாட்டி

வீட்டில் 4 பேருக்கு நன்றாக வரும் சாம்பார், விருந்து நாளில் 25 பேருக்கு வைத்தால் தண்ணீராக நிற்கும், அல்லது வெந்தயக் கசப்பு அடிக்கும், அல்லது தாளிப்பு எண்ணெய் மேலே படலமாக மிதக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். எல்லாப் பொருளையும் ஒரே எண்ணால் பெருக்கிவிடுகிறோம். பருப்பும் காயும் அப்படிப் பெருகும். தண்ணீரும் தாளிப்பும் அப்படிப் பெருகுவதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் அளவு கூட்டுவதில் உள்ள சிக்கலில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

இங்கே துவரம்பருப்புச் சாம்பாரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊறுவது, வேகுவது, கொதிப்பது, தாளிப்பது என்று நான்கு வேலையும் இதில் இருக்கிறது. அதனால் இதற்கு அளவு போடத் தெரிந்தவருக்குக் கூட்டு, வற்றல்குழம்பு, பொரித்த குழம்பு எல்லாவற்றுக்கும் அதே வழி கைகொடுக்கும்.

## முதல் வேலை: தலைக்கணக்கை லிட்டராக மாற்றுவது

25 பேர் என்றதும், 25-ஐ 4-ஆல் வகுத்து ஆறேகால் மடங்கு என்று தொடங்குவதுதான் வழக்கம். அங்கேயே கணக்கு தவறிவிடுகிறது. வீட்டுச் சாப்பாட்டில் சாதத்துக்குச் சாம்பாரும் ஒரு பொரியலும்தான் என்றால் ஒருவருக்குக் கால் லிட்டர், அதாவது 250 மி.லி. தேவைப்படும். விருந்தில் சாம்பாருக்குப் பிறகு ரசம் வரும், மோர் வரும், நடுவில் கூட்டும் பச்சடியும் இருக்கும். அங்கே ஒருவருக்கு 200 மி.லி. போதும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள, சட்னியும் இருக்கிறது என்றால் 150 மி.லி. போதும்.

ஆகவே முதலில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: 25 பேர் × 200 மி.லி. = 5,000 மி.லி., அதாவது 5 லிட்டர். வழக்கமாக வைக்கும் சாம்பார் 1 லிட்டர் வருகிறது என்றால் மடங்கு 5. ஆறேகால் மடங்கு வைத்திருந்தால் ஒன்றேகால் லிட்டர் மிஞ்சியிருக்கும்.

வழக்கமான சாம்பார் எத்தனை லிட்டர் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒருநாள் சமைத்து முடித்ததும் அளவுக் குவளையால் அளந்து பாருங்கள். இந்த ஒரு எண் கையில் இல்லாமல் எந்த மடங்கும் சரியாக வராது.

## இரண்டாவது: கப்பையும் கரண்டியையும் கிராமாக்குவது

வீட்டுக் குறிப்பில் "பருப்பு அரை கப்" என்றிருக்கும். எந்தக் கப்? கடையில் விற்கும் அளவுக் கப் பெரும்பாலும் 240 மி.லி. பிடிக்கும். 250 மி.லி. பிடிப்பதும் உண்டு. அரிசி குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மி.லி. பழைய ஆழாக்கு 168 மி.லி.; எட்டு ஆழாக்கு ஒரு படி. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியதால், வீட்டில் இருக்கும் ஆழாக்கில் ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்துகொள்வது நல்லது.

ஒரு லிட்டர் சாம்பாருக்கு வைக்கும்போது இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. ஐந்து மடங்காகும்போது அரை கப் இரண்டரை கப் ஆகிறது. 240 மி.லி. கப்பில் அது 500 கிராம் பருப்பு. 180 மி.லி. கப்பில் 375 கிராம்தான். கால்பங்கு பருப்பு காணாமல் போகிறது, சாம்பார் ரசம்போல் ஓடுகிறது. அதனால் அளவு கூட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எடைக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றுவதற்கு இந்த அட்டவணை உதவும்.

| பொருள் | வீட்டு அளவு | எடை (சுமார்) |
|---|---|---|
| துவரம்பருப்பு | 1 கப் (240 மி.லி.) | 200 கிராம் |
| துவரம்பருப்பு | 1 ஆழாக்கு (168 மி.லி.) | 140 கிராம் |
| தூள் உப்பு | 1 டீஸ்பூன் (5 மி.லி.) | 6 கிராம் |
| சாம்பார் பொடி | 1 டேபிள்ஸ்பூன் (15 மி.லி.) | 7 முதல் 8 கிராம் |
| மஞ்சள்தூள் | 1 டீஸ்பூன் | 3 கிராம் |
| புளி | சிறிய எலுமிச்சை அளவு | 20 முதல் 25 கிராம் |
| எண்ணெய் | 1 டேபிள்ஸ்பூன் | 15 மி.லி. |

3 டீஸ்பூன் சேர்ந்தால் 1 டேபிள்ஸ்பூன், 16 டேபிள்ஸ்பூன் சேர்ந்தால் 240 மி.லி. கப் ஒன்று. 10 டேபிள்ஸ்பூன் சாம்பார் பொடி என்று கணக்கு வந்தால் பத்துமுறை எண்ணி எடுக்க வேண்டாம். எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் கணக்கு தவறிவிடும். அரை கப்பும் 2 டேபிள்ஸ்பூனும் எடுத்தால் முடிந்தது.

கல்லுப்புக்கு மட்டும் கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள். கல் பெரிதாக இருந்தால் கரண்டிக்குள் இடைவெளி கூடும், எடை குறையும். கல்லுப்புப் போடுபவர்கள் தராசில் நிறுத்தே போட வேண்டும்.

## அளவு அட்டவணை

கீழே உள்ளதில் 1 லிட்டர் வரிசைதான் மூலக்குறிப்பு. முருங்கைக்காய், கத்தரிக்காய், பரங்கிக்காய் எது போட்டாலும் "காய்" என்பது நறுக்கிய பிறகு உள்ள எடை.

| பொருள் | 1 லிட்டர் (வீட்டில் 4 பேர்) | 2.5 லிட்டர் (வீட்டில் 10 பேர்) | 5 லிட்டர் (விருந்தில் 25 பேர்) | 10 லிட்டர் (விருந்தில் 50 பேர்) |
|---|---|---|---|---|
| துவரம்பருப்பு | 100 கிராம் | 250 கிராம் | 500 கிராம் | 1 கிலோ |
| காய் | 200 கிராம் | 500 கிராம் | 1 கிலோ | 2 கிலோ |
| சின்ன வெங்காயம் | 60 கிராம் | 150 கிராம் | 300 கிராம் | 600 கிராம் |
| தக்காளி | 80 கிராம் | 200 கிராம் | 400 கிராம் | 800 கிராம் |
| புளி | 20 கிராம் | 50 கிராம் | 100 கிராம் | 200 கிராம் |
| சாம்பார் பொடி | 15 கிராம் | 38 கிராம் | 75 கிராம் | 150 கிராம் |
| உப்பு | 12 கிராம் | 30 கிராம் | 60 கிராம் | 120 கிராம் |
| மஞ்சள்தூள் | ½ டீஸ்பூன் | 1¼ டீஸ்பூன் | 2½ டீஸ்பூன் | 5 டீஸ்பூன் |
| தண்ணீர் (மொத்தம்) | 650 மி.லி. | 1.5 லிட்டர் | 3 லிட்டர் | 5.9 லிட்டர் |
| தாளிக்க எண்ணெய் | 15 மி.லி. | 30 மி.லி. | 50 மி.லி. | 80 மி.லி. |
| கடுகு | 1 டீஸ்பூன் | 2 டீஸ்பூன் | 1 டேபிள்ஸ்பூன் | 2 டேபிள்ஸ்பூன் |
| வெந்தயம் | ¼ டீஸ்பூன் | ½ டீஸ்பூன் | ¾ டீஸ்பூன் | 1¼ டீஸ்பூன் |
| பெருங்காயத்தூள் | ¼ டீஸ்பூன் | ½ டீஸ்பூன் | 1 டீஸ்பூன் | 2 டீஸ்பூன் |
| வற்றல் மிளகாய் | 2 | 4 | 7 | 12 |
| கறிவேப்பிலை | 1 ஆர்க்கு | 2 ஆர்க்கு | 4 ஆர்க்கு | 8 ஆர்க்கு |
| கொத்தமல்லித்தழை | 10 கிராம் | 25 கிராம் | 50 கிராம் | 100 கிராம் |

தண்ணீர் முதல் கறிவேப்பிலை வரை உள்ளவை நேராகப் பெருகாதவை. பருப்பு முதல் மஞ்சள்தூள் வரை உள்ளவற்றையும் கொத்தமல்லித்தழையையும் எந்த அளவுக்கும் மடங்கால் பெருக்கிக்கொள்ளலாம். 7 லிட்டர் வேண்டுமென்றால் 1 லிட்டர் வரிசையை 7-ஆல் பெருக்குங்கள். நேராகப் பெருகாத பொருள்களுக்கு மட்டும் 5 லிட்டருக்கும் 10 லிட்டருக்கும் இடைப்பட்ட ஓர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

## தண்ணீர் ஏன் மடங்கு கணக்கில் அடங்காது

1 லிட்டர் சாம்பாருக்கு 650 மி.லி. தண்ணீர் என்றால் 5 லிட்டருக்கு 3.25 லிட்டர் என்றுதான் மனக்கணக்கு சொல்லும். அட்டவணையில் 3 லிட்டர்தான் இருக்கிறது. அந்தக் கால் லிட்டர் எங்கே போனது?

சாம்பார் திறந்த பாத்திரத்தில் கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிறது. எவ்வளவு ஆவியாகும் என்பதை உள்ளே இருக்கும் குழம்பின் அளவு தீர்மானிப்பதில்லை. பாத்திரத்தின் வாயகலம், அடுப்பின் வேகம், கொதிக்கும் நேரம் ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. 18 செ.மீ. அகலப் பாத்திரத்தில் 1 லிட்டர் சாம்பார் கால் மணி நேரம் மிதமாகக் கொதித்தால் சுமார் 150 மி.லி. குறையும். 5 லிட்டருக்கு 28 செ.மீ. அகலப் பாத்திரம் எடுக்கிறோம். குழம்பு ஐந்து மடங்கு ஆனாலும் மேற்பரப்பு சுமார் இரண்டரை மடங்குதான் ஆகிறது. கொதிக்கும் நேரம் சற்றுக் கூடுவதையும் சேர்த்தால் இழப்பு 500 மி.லி. அளவில் நிற்கும். மடங்குக் கணக்கோ 750 மி.லி. ஆவியாகிவிடும் என்று நம்பித் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது.

அதனால் தண்ணீரை எப்போதும் கடைசியில் இப்படிக் கணக்கிடுங்கள்:

தண்ணீர் = வேண்டிய சாம்பார் − மற்றப் பொருள்களின் எடை + ஆவியாகும் அளவு

5 லிட்டருக்கு: 5,000 − 2,500 + 500 = 3,000 மி.லி. இந்தக் குறிப்பில் பருப்பு, காய், வெங்காயம், தக்காளி, புளி எல்லாம் சேர்ந்து லிட்டருக்குச் சுமார் அரை கிலோ வருவதால் 2,500 என்று வைத்திருக்கிறேன். ஆவியாகும் அளவு அடுப்புக்கு அடுப்பு மாறும். உங்கள் அடுப்பில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் தனித் தண்ணீரை அதே பாத்திரத்தில் கால் மணி நேரம் மிதமாகக் கொதிக்க வைத்து, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

கொதிக்கும்போது பாத்திரத்தில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சமையலைத் தொடங்கும் முன் காலிப் பாத்திரத்தில் 5 லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றி, நீளமான மரக்கரண்டியின் காம்பைச் செங்குத்தாக அடிவரை விட்டு எடுங்கள். ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் ஒரு சிறு கீறல் போடுங்கள். 28 செ.மீ. பாத்திரத்தில் அது அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் இருக்கும். சாம்பார் கொதிக்கும்போது அடுப்பைத் தணித்து, காம்பை விட்டுப் பார்த்தால் கீறலுக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பது உடனே தெரியும். மேலே நின்றால் இன்னும் சற்று நேரம் கொதிக்கட்டும். கீழே இறங்கியிருந்தால் வெந்நீர் சேருங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, மறுபடி கொதிக்கும் நேரத்தில் காய் குழைந்துவிடும்.

## தாளிப்பு ஏன் குறைவாகவே பெருகுகிறது

கடுகு வெடிக்க எண்ணெயில் மூழ்க வேண்டும். அதற்கு வேண்டியது தாளிப்புக் கரண்டியின் அடியை மூடும் அளவுக்கு எண்ணெய். 1 லிட்டர் சாம்பாருக்கே அந்த அடியை மூட 15 மி.லி. தேவைப்படுகிறது. அதாவது சிறிய அளவில் நாம் ஊற்றும் எண்ணெயில் ஒரு பங்கு, கடுகு வெடிப்பதற்காக மட்டும் ஊற்றுவது. 5 லிட்டருக்குச் சற்று அகலமான சிறு வாணலியில் 50 மி.லி. ஊற்றினாலே கடுகு நன்றாக மூழ்கிவிடும். 75 மி.லி. ஊற்றினால் மிச்ச எண்ணெய் சாம்பாரின் மேல் வட்டம் வட்டமாக மிதக்கும்.

கடுகு வாணலியின் அடியில் ஒரே அடுக்காகப் பரவியிருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் அடியில் உள்ளது கருகும், மேலே உள்ளது வெடிக்காமல் பச்சையாக நிற்கும். பெரிய அளவுத் தாளிப்பைச் சிறிய கரண்டியிலேயே முடித்துவிடப் பார்ப்பதால்தான் விருந்துச் சாம்பாரில் கசப்பு வருகிறது. வெந்தயம் இன்னும் கவனம் வேண்டியது. அது சாம்பாரில் ஊறி ஊறிக் கசப்பை விடும். 25 பேருக்கான சாம்பார் பரிமாறும் வரை மணிக்கணக்கில் நிற்பதால், மடங்கு கணக்கில் வரும் 1¼ டீஸ்பூன் அளவுக்கு அதிகம். முக்கால் டீஸ்பூனோடு நிறுத்துங்கள். பெருங்காயமும் நிற்க நிற்க மணம் தூக்கும், அதனால் அதையும் அடக்கியே போட வேண்டும்.

## 5 லிட்டர் சாம்பார், படிப்படியாக

குளிர்ந்த பாத்திரம், அளந்த பொருள்கள், பக்கத்து அடுப்பில் ஒரு லிட்டர் வெந்நீர். இந்த மூன்றும் தயாரான பிறகு தொடங்குங்கள். அந்த வெந்நீர் மேலே சொன்ன 3 லிட்டரில் சேராது, கடைசித் திருத்தத்துக்கானது. சாம்பார் பாத்திரம் 7 முதல் 8 லிட்டர் கொள்வதாக இருக்கட்டும். பருப்பு சேர்ந்ததும் பொங்கும், மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருந்தால்தான் வழியாது.

500 கிராம் பருப்பைக் கழுவி, 1.5 லிட்டர் தண்ணீரும் மஞ்சள்தூளும் சேர்த்து 5 லிட்டர் குக்கரில் வையுங்கள். குக்கரில் பருப்பைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை ஏறி ஆவிக்குழாயை அடைக்கும். 10 லிட்டர் சாம்பாருக்கு 1 கிலோ பருப்பு வேகவைக்கும்போது அதனால்தான் இரண்டு தடவையாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பருப்பு ஐந்து மடங்கு ஆனதால் விசிலும் ஐந்து மடங்கு வேண்டும் என்று நினைக்க வேண்டாம். முதல் விசில் வர அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான். அதன்பிறகு வழக்கமான எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் போதும்.

பருப்பு வேகும் நேரத்தில் 100 கிராம் புளியை 400 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். சக்கையில் இன்னும் 200 மி.லி. ஊற்றி மறுபடி பிழியுங்கள். பெரிய உருண்டையாக ஊறும் புளி ஒரே பிழிதலில் முழுச் சாற்றையும் விடாது. இரண்டாவது பிழிதலை விட்டுவிட்டுப் புளிப்பு போதவில்லை என்று இன்னும் புளி சேர்ப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

மீதி 900 மி.லி. தண்ணீரில் வெங்காயம், காய், தக்காளியைச் சேர்த்து வேகவையுங்கள். முருங்கைக்காய் போன்ற கெட்டிக் காய் முதலில், கத்தரிக்காய் பிறகு. ஐந்து லிட்டர் குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், காய் அந்தச் சூட்டில் தொடர்ந்து வேகும். ஆகவே முக்கால் பதம் வெந்ததுமே புளிச்சாறு ஊற்றிவிடுங்கள். புளி சேர்ந்த பிறகு காய் மெதுவாகத்தான் வேகும், அதனால் குழைவது தள்ளிப்போகும்.

இப்போது சாம்பார் பொடியில் 60 கிராமும் உப்பில் 45 கிராமும் போடுங்கள், மீதியை எடுத்து வையுங்கள். பச்சை வாசனை போகக் கொதித்ததும் மசித்த பருப்பைச் சேர்த்து, அடியோடு கிளறி, மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். பெரிய பாத்திரத்தில் பருப்பு அடியில் படிந்து பிடிப்பது சிறிய பாத்திரத்தைவிட எளிது. கரண்டி அடியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். காம்புக் கீறலைப் பார்த்து அளவு சரியானதும் சுவை பாருங்கள்.

சுவை பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தால் உப்பும் காரமும் எடுப்பாகத் தெரியும், போதும் என்று தோன்றிவிடும். அதே சாம்பார் உப்பில்லாத சாதத்தோடு சேரும்போது சப்பென்று இருக்கும். ஒரு கரண்டிச் சாதத்தில் பிசைந்து, சற்று ஆறவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். எடுத்து வைத்த 15 கிராம் உப்பில் எவ்வளவு தேவை என்பது அந்த ஒரு கவளத்தில் தெரிந்துவிடும். பொடியைப் பிறகு சேர்த்தால் இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்க வேண்டும். இறக்கிய பிறகு தாளித்துக் கொட்டி, கொத்தமல்லி தூவி மூடுங்கள்.

## தவறினால் திருத்துவது

நீர்த்துவிட்டால் முதலில் கொதிக்கவைத்துக் குறைக்கப் பாருங்கள். நேரம் இல்லையென்றால் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் அரிசிமாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி இரண்டு நிமிடம் கொதிக்க விடலாம். பருப்புச் சாம்பார் ஆற ஆறக் கெட்டிப்படும் என்பதால், இறக்கும்போது விரும்பும் பதத்தைவிடச் சற்றுத் தளர இருப்பதே சரி.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் பிரித்து உறிஞ்சுவதில்லை, குழம்பையே உறிஞ்சுகிறது. மிச்சமிருப்பதின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத வெந்த பருப்பும் வெந்நீரும் சேர்ப்பதுதான் உண்மையான திருத்தம். இதற்காகவே பெரிய சமையலில் 50 கிராம் பருப்பைக் கூடுதலாக வேகவைத்துத் தனியே எடுத்துவைப்பது நல்லது. புளிப்பு கூடியதற்கும் அதே பருப்பும் ஒரு சிறு வெல்லத்துண்டும் உதவும்.

## அளவைக் குறைக்கும்போது

இரண்டு பேருக்கு அரை லிட்டர் வைக்கும்போது இதே கணக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். குழம்பு பாதியாகிறது, பாத்திரத்தின் வாயகலம் பாதியாவதில்லை. 16 செ.மீ. பாத்திரத்தில் சுமார் 110 மி.லி. ஆவியாகும் என்பதால் தண்ணீர் 325 மி.லி. போதாது, 360 மி.லி. வேண்டும். தாளிக்கும் எண்ணெய் 7 மி.லி. என்று வந்தாலும் கடுகு மூழ்காது, 10 மி.லி. ஊற்றுங்கள். 50 கிராம் பருப்பு பெரிய குக்கரின் அடியில் பரவினால் தண்ணீர் வற்றிப் பிடிக்கும். சிறு கிண்ணத்தில் பருப்பையும் 150 மி.லி. தண்ணீரையும் வைத்து, குக்கரின் அடியில் தனியே தண்ணீர் ஊற்றி வேகவையுங்கள்.